லாக்-லாக் ரிக்ரஷன்ல வர்ற அந்த மைனஸ் மூணு: ஆரஞ்சு ஜூஸ் டேட்டாவ வச்சு சில கேள்வி பதில்

லாக்-லாக் ரிக்ரஷன் ஓட்டினேன், log(price) பக்கத்துல -3.14னு வந்திருக்கு. இத எப்படி படிக்கிறது?

விலை 1% ஏறுனா விக்குற அளவு சுமாரா 3.14% குறையும், அவ்ளோதான். பிராண்டுக்கான டெர்ம்கள ஒதுக்கி வச்சுட்டுப் பாத்தா நீங்க போட்ட மாடல் இது:

```
ln Q = a + b ln P
```

லாக்ல வர்ற சின்ன மாற்றம்ங்கிறது கிட்டத்தட்ட சதவீத மாற்றம்தான். அதனால b சொல்றது, விலையோட சதவீத மாற்றத்துக்கு விற்பனையோட சதவீத மாற்றம் எத்தனை மடங்குன்னு. எகனாமிக்ஸ்ல விலை எலாஸ்டிசிட்டின்னு சொல்றதும் இதே விகிதம்தான், அதனால b-யவே நேரா எலாஸ்டிசிட்டின்னு எடுத்துக்கலாம், மேல எதுவும் கணக்கு போட வேண்டாம். சாதா நேர்கோட்டு மாடல்ல (Q = a + bP) அப்படி முடியாது, அங்க எலாஸ்டிசிட்டி bP/Q, கோட்டுல எந்த இடத்துல நிக்கிறீங்களோ அதப் பொறுத்து மாறிட்டே இருக்கும். லாக்-லாக்ல ஒரு டாலர்லயும் அதே -3.14, நாலு டாலர்லயும் அதே -3.14. கான்ஸ்டன்ட் எலாஸ்டிசிட்டின்னு சொல்றது இதனாலதான். அது டேட்டா சொன்ன உண்மை இல்ல, நாம மாடலுக்குள்ள வச்ச அனுமானம், இத மட்டும் மறந்துடாதீங்க.

-3.14ன்னு வந்திருக்குன்னா நீங்க ஓட்டுனது அனேகமா டொமினிக்ஸ் ஆரஞ்சு ஜூஸ் ஃபைலாத்தான் இருக்கும், பாதி கிளாஸ்ல இததான் குடுக்குறாங்க. சிகாகோல இருந்த டொமினிக்ஸ்ங்கிற சூப்பர்மார்க்கெட் செயின், 1989ல இருந்து 1997 வரைக்கும் சிகாகோ யூனிவர்சிட்டி பிசினஸ் ஸ்கூலோட சேர்ந்து சேத்த ஸ்கேனர் டேட்டாவோட ஒரு துண்டு அது. 83 கடை, 28,947 வரி, மூணு பிராண்ட்: ட்ராபிகானா, மினிட் மெய்ட், அப்புறம் கடையோட சொந்த பிராண்ட் டொமினிக்ஸ். ஒவ்வொரு வரியும் ஒரு கடை, ஒரு வாரம், ஒரு பிராண்ட். கடைங்க 2013 கடைசில மூடிட்டாங்க, டேட்டா மட்டும் இன்னும் ஓடிட்டிருக்கு. கீழ எல்லாத்துக்கும் இதையே வச்சு பேசுறேன்.

```r
oj <- read.csv("oj.csv")
m1 <- lm(logmove ~ log(price) + brand, data = oj)
m2 <- lm(logmove ~ log(price)*brand, data = oj)
m3 <- lm(logmove ~ log(price)*brand*feat, data = oj)
```

logmove-ங்கிறது ஏற்கனவே லாக் எடுத்த விற்பனை, அதுக்கு மேல இன்னொரு லாக் போட்டுடாதீங்க. இதே டேட்டா sales-னு லாக் எடுக்காத column-ஓடயும் சுத்துது, அதுல log(sales) போடணும்.

அப்போ 20% தள்ளுபடி குடுத்தா 20 × 3.14 = 62.8% கூட விக்குமா?

இல்ல, அந்தப் பெருக்கல் ஒண்ணு ரெண்டு சதவீதத்துக்குத்தான் சரி வரும். பெரிய மாற்றத்துக்கு மாடல் சொல்றத அப்படியே போடணும், அதாவது விலை விகிதத்த b-க்கு அடுக்கு ஏத்துங்க. 20% குறைச்சா விலை 0.8 மடங்கு, 0.8^(-3.14) = 2.02. ரெண்டு மடங்கு விக்கும்னு அர்த்தம், 62.8% இல்ல, 102%. அதே 20% ஏத்துனா 1.2^(-3.14) = 0.56, 44% குறையும், இங்கயும் 63% கிடையாது. ஒரு பக்கம் ரொம்ப கம்மியா மதிப்பிடுறீங்க, இன்னொரு பக்கம் ரொம்ப அதிகமா.

இதே தப்பு டம்மி வேரியபிள்லயும் நடக்கும். m1ல ட்ராபிகானாவுக்கு 1.53ன்னு வரும், அத 153%ன்னு எழுதுறவங்கள நிறைய பாத்தாச்சு. exp(1.53) = 4.6, அதாவது ஒரே விலையில வச்சா கடை பிராண்ட் ஒண்ணு போற இடத்துல ட்ராபிகானா 4.6 போகும். ஆர்ல பேஸ் பிராண்ட் எழுத்து வரிசைப்படி dominicks, அதனால அத வச்சுத்தான் ஒப்பிடணும்.

விற்பனை எந்த யூனிட்ல இருக்குன்னே தெரியல சார், எலாஸ்டிசிட்டி தப்பாயிடுமா?

ஆகாது. இந்த ஃபைல்ல முதல் வரி logmove 9.018695, அத exp பண்ணா 8256 வருது, ஒரு கடையில ஒரு வாரத்துல 8256 ஜூஸ் டப்பாவான்னு பயப்படாதீங்க, 64ஆல வகுத்தா சரியா 129 வரும். 64 அவுன்ஸ் டப்பா, எண்ணிக்கை அவுன்ஸ்ல இருக்கு. டப்பா கணக்குக்கு மாத்துனா எல்லா வரிலயும் ln 64, அதாவது 4.16 குறையும், அது முழுக்க இன்டர்செப்ட்ல போய் உக்காந்துக்கும், b அசையாது. டாலர ரூபாயா மாத்துனாலும் அப்படித்தான். லாக் 10 எடுத்தாலும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுத்தா b அதேதான், டம்மி நம்பர் மட்டும் மாறிடும், அதனால நேச்சுரல் லாக்லயே இருங்க.

பிராண்ட் வாரியா பிரிச்சா மினிட் மெய்ட் -3.3, டொமினிக்ஸ் -3.4, ட்ராபிகானா -2.7ன்னு வருது. அப்போ மினிட் மெய்ட் வாங்குறவங்களும் கடை பிராண்ட் வாங்குறவங்க மாதிரி விலை பாத்து வாங்குறவங்கதானே?

m2 வரைக்கும் போய் நிறுத்துனா அப்படித்தான் தெரியும், இங்கதான் இந்த டேட்டா ஆளக் கவுக்கும். feat-னு ஒரு column இருக்கு பாருங்க, அந்த வாரம் அந்த பிராண்ட கடை விளம்பரத்துல போட்டாங்களா இல்லையான்னு 0, 1. m3 அதையும் சேத்துப் பிரிக்குது, அப்போ வர்ற எலாஸ்டிசிட்டி இது:

| பிராண்ட் | விளம்பரம் இல்லாத வாரம் | விளம்பர வாரம் |
|---|---|---|
| டொமினிக்ஸ் | -2.8 | -3.2 |
| மினிட் மெய்ட் | -2.0 | -3.6 |
| ட்ராபிகானா | -2.0 | -3.5 |

மினிட் மெய்ட் இப்போ எங்க போச்சுன்னு பாருங்க. சாதா வாரத்துல அது ட்ராபிகானா கூட நிக்குது, கடை பிராண்ட் கூட இல்ல. மூணு பிராண்ட்ல அதிகமா விளம்பரத்துல வந்தது மினிட் மெய்ட்தான், விளம்பரம் வர்ற வாரத்துல விலையும் கம்மியா இருக்கும், ஜனங்க விளம்பரத்தப் பாத்து வந்து வாங்குனதையும் சேத்து m2 விலையோட கணக்குல எழுதிடுச்சு. எந்த பிராண்டுக்கு விளம்பரம் அதிகமோ அதோட எலாஸ்டிசிட்டி அதிகமா வீங்கும். புக்ஸ்ல ஒமிட்டட் வேரியபிள் பயாஸ்னு நாலு பக்கம் இருக்கும், இந்த ஒரு டேபிள் போதும்.

நம்பர எடுக்குற விதம்: மினிட் மெய்ட், விளம்பரம் இல்லாத வாரம்னா log(price) கோஎஃபிஷியன்ட்டோட log(price):brandminute.maid-ஐ மட்டும் கூட்டுங்க. விளம்பர வாரம்னா இன்னும் ரெண்டு, log(price):feat, அப்புறம் மூணும் சேந்த log(price):brandminute.maid:feat. ஒரு டெர்ம விட்டாலும் வேற ஏதோ நம்பர் வரும், அதுவும் பாக்க நம்புற மாதிரியே இருக்கும், அதான் தொல்லை.

ஒண்ணு, விளம்பர வாரத்து -3.6ஐ "விளம்பரம் ஜனங்கள விலை பாக்க வைக்குது"ன்னு உடனே படிக்காதீங்க. கடைக்காரங்க எந்த வாரம் விளம்பரம் போடணும்னு சீட்டு குலுக்கி முடிவு பண்ணல, நல்லா போகும்னு தோணுற வாரத்துல போட்டிருப்பாங்க.

எலாஸ்டிசிட்டி தெரிஞ்சா சரியான விலைய ஃபார்முலா போட்டு எடுக்கலாம்னு படிச்சேனே?

எடுக்கலாம், எலாஸ்டிசிட்டி மாறாதுன்னு எடுத்துக்கிட்டா லாபம் அதிகமாகுற விலை = அடக்க விலை × e/(e − 1), இங்க e மைனஸ் குறி எடுத்த எலாஸ்டிசிட்டி. ஒரு டப்பா அடக்கம் 2 டாலர்னு வைப்போம் (கணக்குக்காக நான் வச்ச நம்பர்தான்). ட்ராபிகானாவுக்கு m2 குடுத்த 2.7ஐ போட்டா 2 × 2.7/1.7 = 3.18 டாலர். m3ல விளம்பரமில்லாத 2.0ஐ போட்டா 2 × 2/1 = 4 டாலர். ஒரே டேட்டா, ஒரே பிராண்ட், ஒரு column-ஐ சேத்ததுக்கு 82 சென்ட் வித்தியாசம்.

e 1-கிட்ட வர வர இந்த ஃபார்முலா விலைய வானத்துக்கு ஏத்தும், 1-க்குக் கீழ போனா நெகட்டிவ் விலை குடுக்கும். அப்படி வந்தா விலைய ஏத்திட்டே போலாம்னு அர்த்தம் இல்ல, கான்ஸ்டன்ட்ங்கிற அனுமானம் அங்க ஓடலன்னு அர்த்தம். டேட்டால விலை எந்த ரேஞ்சுல ஓடிச்சோ அதுக்குள்ள மட்டும் பேசுங்க. அப்புறம் இந்த ஃபார்முலா ஒரே ஒரு பொருள் விக்குறவனுக்கு. கடைக்காரன் மூணு பிராண்டும் விக்குறான், ட்ராபிகானா விலைய ஏத்துனா ஆள் பக்கத்து மினிட் மெய்ட எடுத்துட்டுப் போவான், காசு அதே கல்லாவுலதான் விழும்.

விலையை நாங்கதான் முடிவு பண்றோம், டேட்டா நெறைய இருக்கு, அப்புறம் ஏன் எல்லாரும் எண்டோஜெனிட்டி எண்டோஜெனிட்டின்னு பயமுறுத்துறாங்க?

நீங்க முடிவு பண்றீங்கங்கிறதுதான் பிரச்சனையே! டிமாண்ட் எப்படி இருக்கும்னு யோசிச்சுத்தான் விலை வைக்கிறீங்க, அந்த யோசனை டேட்டாவுல எந்த column-லயும் இல்ல, எண்டோஜெனிட்டிங்கிறது இதத்தான்.

பழைய கதை ஒண்ணு இருக்கு. 1914ல ஹென்றி மூர்ங்கிற அமெரிக்க எகனாமிஸ்ட் கச்சா இரும்புக்கு டிமாண்ட் கர்வ் போட்டார், அது மேல ஏறுச்சு, விலை கூடுனா விற்பனையும் கூடுதுன்னு. புது வகை டிமாண்ட் கர்வ்னு அவர் எழுதுனார். நடந்தது என்னன்னா, தொழில் நல்லா ஓடுற வருஷத்துல இரும்பு வேணும்னு கேக்குறவங்க கூட, அதனால விலையும் கூட அளவும் கூட, அவர் பாத்தது டிமாண்ட் நகர்ந்த தடத்த.

நியூயார்க் ஃபுல்டன் மீன் மார்க்கெட் இன்னொரு நல்ல கேஸ். வைட்டிங்ங்கிற மீனு, 1991 டிசம்பர்ல இருந்து 1992 மே வரைக்கும் 111 நாள் டேட்டா. சும்மா லாக்-லாக் ஓட்டுனா எலாஸ்டிசிட்டி சுமார் -0.5. கடல்ல புயல் இருந்தா மீன் வரத்து குறையும், ஆனா நியூயார்க்ல மீன் சாப்பிடுற ஆசைய புயல் மாத்தாது, அதனால புயல இன்ஸ்ட்ருமென்டா வச்சு, அதால ஏறுன விலைய மட்டும் பிரிச்சு எடுத்துப் பாத்தா சுமார் -1 வருது. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

இதப் படிச்சுட்டு பயாஸ் எப்பவும் பூஜ்யத்த நோக்கித்தான் இழுக்கும்னு முடிவு கட்டிடுறாங்க, சூப்பர்மார்க்கெட்ல அது எதிர்ப் பக்கமும் இழுக்கும். இதே டொமினிக்ஸ் டேட்டால செவாலியே, கஷ்யப், ராஸி மூணு பேரும் 2003ல காட்டுனது: கிறிஸ்தவங்க தவக்காலத்துல இறைச்சி தவிர்க்கிறதால டின் டூனா மீன் நல்லா ஓடும், அந்த நேரத்துல விலை ஏறல, குறையுது. டிமாண்ட் உச்சத்துல இருக்கும்போதே விலையையும் இறக்கி விளம்பரம் போட்டு கூட்டத்த இழுக்குறாங்க. இப்போ ரிக்ரஷன் என்ன நினைக்கும்? விலை குறைஞ்சதாலதான் இவ்ளோ போச்சுன்னு நினைக்கும், தவக்காலத்தோட பங்கையும் விலை தலையில கட்டும், எலாஸ்டிசிட்டி பெருசாத் தெரியும். அதனால உங்க கடையில விலைய யாரு, எப்போ, எதப் பாத்து மாத்துறாங்கன்னு அந்த ஆளுகிட்டயே கேளுங்க, அதுக்கப்புறம்தான் பயாஸ் எந்தப் பக்கம்னு சொல்ல முடியும்.

டேட்டாவ வச்சே கொஞ்சம் சரி பண்ண:

```r
library(fixest)
oj$lp <- log(oj$price)
feols(logmove ~ i(brand, lp) + feat | store^brand + week,
      data = oj, cluster = ~store)
```

store^brand போட்டா பணக்கார ஏரியா கடைங்கிற மாதிரி நிரந்தர வித்தியாசம் போயிடும், week போட்டா பண்டிகை, குளிர்காலம் மாதிரி எல்லா பிராண்டுக்கும் பொதுவானது போயிடும். ஒரே பிராண்டுக்கு மட்டும் வர்ற டிமாண்ட் ஏத்தம் போகாது. cluster எதுக்குன்னா, ஒரே கடையோட வாரங்கள் ஒண்ணுக்கொண்ணு சொந்தம், 28,947 வரியும் தனித்தனி ஆதாரம்னு எண்ணி வர்ற குட்டி ஸ்டாண்டர்ட் எரர் நம்மள நாமே ஏமாத்திக்கிறது.

ஒரு வாரம் விலை குறைஞ்சா ஜனங்க வாங்கி ஃப்ரிட்ஜ்ல அடுக்கிடுவாங்களே, அத எப்படி பாக்குறது?

போன வாரத்து log(price)-ஐயும் அதுக்கு முந்தின வாரத்தையும் வலது பக்கம் சேத்துப் பாருங்க (லேக் எடுக்கும்போது கடை, பிராண்ட் பிரிச்சு எடுங்க, இல்லன்னா ஒரு கடையோட கடைசி வாரம் இன்னொரு கடையோட முதல் வாரத்துக்குள்ள நுழைஞ்சிடும்). பழைய விலையோட கோஎஃபிஷியன்ட் பாசிட்டிவா வந்தா அடுக்கி வச்சிருக்காங்கன்னு அர்த்தம்: போன வாரம் சீப்பா இருந்துச்சு, இந்த வாரம் யாரும் வரல. இந்த வாரத்தோடதையும் பழசையும் கூட்டுனா வர்றதுதான் நிரந்தர விலை மாற்றத்துக்கு அருகில இருக்கிற எலாஸ்டிசிட்டி, அது வார எலாஸ்டிசிட்டிய விட சின்னதா இருக்கும்.

எங்க கடையில நிறைய நாள் சில பொருள் ஒண்ணுகூட விக்காது. log(0) வருது, log(Q+1) போட்டுடவா?

வேண்டாம். அந்த 1 யூனிட்டப் பொறுத்து b மாறும், மேல சொன்ன டப்பாவா அவுன்ஸாங்கிற கவலை இல்லாத நிம்மதி போயிடும். பூஜ்ய வரிகள தூக்கிடுறதும் தப்பு, விலை அதிகமா இருந்த நாள்தான் பூஜ்யமா இருந்திருக்கும், அதத் தூக்குனா எலாஸ்டிசிட்டி குறைஞ்சு தெரியும். முதல்ல நாள வாரமா கூட்டிப் பாருங்க. அப்பவும் பூஜ்யம் வந்தா fixest-லயே இருக்கிற பாய்ஸான் ரிக்ரஷன் fepois, அதுல Q லாக் இல்லாம போகும், விலை லாக்லயே இருக்கும், கோஎஃபிஷியன்ட்ட எலாஸ்டிசிட்டியாவே படிக்கலாம். அதுக்கு முன்னாடி அந்த பூஜ்யம் யாரும் வாங்காததாலயா, சரக்கே இல்லாததாலயான்னு பாத்துடுங்க, சரக்கு இல்லாத நாள் டிமாண்டப் பத்தி ஒண்ணுமே சொல்லாது.

மாடல வச்சு அடுத்த வார விற்பனைய exp() போட்டு கணிச்சா எப்பவும் கம்மியாவே வருது, ஏன்?

லாக்கோட சராசரிய exp பண்ணா சராசரி வராது, நடு மதிப்பு மாதிரி ஒண்ணு வரும். ரெசிட்யுவல் சுமாரா நார்மலா இருந்தா exp(s²/2) ஆல பெருக்குங்க, s 0.7ன்னா அது 1.28, அதாவது சுமார் 22% கம்மியா சொல்லிட்டிருந்தீங்க. இல்லன்னா எல்லா ரெசிட்யுவலையும் exp பண்ணி சராசரி எடுத்து அதால பெருக்குங்க. எலாஸ்டிசிட்டிக்கு இதால பாதிப்பு இல்ல, விலையோட சேந்து ரெசிட்யுவலோட பரவல் மாறாத வரைக்கும்.

எங்கிட்ட ஒரே கடை, ஒரு வருஷ பில்லிங் டேட்டா. இதுல எலாஸ்டிசிட்டி எடுத்து நிரந்தரமா விலைய ஏத்தலாமா இறக்கலாமான்னு முடிவு பண்ணலாமா அண்ணா?

வரி எத்தனைன்னு எண்ணாதீங்க, விலை எத்தனை தடவை மாறுச்சுன்னு எண்ணுங்க. 20,000 பில் இருந்தும் விலை ரெண்டே தடவை மாறியிருந்தா உங்ககிட்ட இருக்கிற ஆதாரம் ரெண்டுதான், அந்த ரெண்டு தடவையும் பண்டிகை ஆஃபரா இருந்தா அதுவும் இல்ல.

நிரந்தர விலைங்கிறீங்களே, அதுக்கு டொமினிக்ஸ்லயே பண்ணுன பரிசோதனை ஒண்ணு இருக்கு, ஹோக், ட்ரெஸ், பர்க் 1994ல வெளியிட்டது. 86 கடை செயின்ல 26 வகை பொருளுக்கு கடைகள பிரிச்சு, சில கடைகள்ல தினசரி விலைய 10% இறக்குனாங்க, சில கடைகள்ல 10% ஏத்துனாங்க. இறக்குன கடைல விற்பனை அளவு 3% கூடுச்சு, ஏத்துன கடைல 3% குறைஞ்சுச்சு. நம்ம லாக் கணக்குல போட்டா ln 1.03 / ln 0.9 = -0.28, ln 0.97 / ln 1.1 = -0.32. மைனஸ் மூணு இல்ல, மைனஸ் புள்ளி மூணு! இறக்குன பக்கம் லாபம் 18% விழுந்துச்சு, ஏத்துன பக்கம் 15% கூடுச்சு.

ரெண்டு நம்பரும் ஒண்ணுக்கொண்ணு பொய் சொல்லல. -3 ஒரு பிராண்டோட ஒரு வார ஆஃபர் விலைக்கு, பக்கத்து பிராண்ட்ல இருந்து வந்த ஆள், அடுத்த வாரத்துக்கும் சேத்து வாங்குன ஆள் எல்லாம் அதுக்குள்ள இருக்காங்க. -0.3 மொத்த வகையும் சேந்து நிரந்தரமா மாறுன தினசரி விலைக்கு, அங்க மாறிப் போக பக்கத்து பிராண்டும் இல்ல, காத்திருக்க அடுத்த வாரமும் இல்ல. உங்க கேள்வி ரெண்டாவது வகை, உங்க ஆஃபர் டேட்டா சொல்லப்போறது முதல் வகை. அதனால ரெண்டு மூணு பொருள எடுத்து, எந்த வாரம் எந்த விலைன்னு முன்னாடியே சீட்டு குலுக்கி எழுதி வச்சுக்கங்க, ஒவ்வொரு விலையையும் நாலஞ்சு வாரமாவது அப்படியே விடுங்க, மாத்துன முதல் வாரத்த கணக்குல சேக்காதீங்க, நடுவுல விக்கலயேன்னு மனசு மாறி விலைய இறக்குனீங்கன்னா அந்த வாரங்களயும் தூக்கிடுங்க.